பேச்சில் தேயும் கோள், ஏட்டில் உறையும் குடும்பப் பெயர்: எந்த வழி நம்பும்படி இருக்கிறது?

கி.பி. 50இல் ரோமானியர்கள் ரைன் ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றுக்கு 'கொலோனியா கிளாடியா ஆரா அக்ரிப்பினென்சியம்' என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒரு பேரரசர், ஒரு பேரரசி, ஒரு பலிபீடம் எல்லாம் இருந்தன. இன்று அவற்றில் எதுவும் மிச்சமில்லை. 'கொலோனியா', அதாவது 'குடியேற்றம்' என்ற வெறும் சொல் மட்டும் தேய்ந்து 'கொல்ன்' என்ற ஜெர்மன் நகரமாக நிற்கிறது. வேற்றுக்கோளில் நடக்கும் கதையில் அந்தக் கோளுக்கும் அங்குள்ள குடும்பங்களுக்கும் பெயர் தேடும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஊரின் கதையைத்தான். நிறுவியவர்கள் வைத்த பெயர் வேறு, பேரப்பிள்ளைகள் வாயில் தங்கும் பெயர் வேறு.

கோளுக்குப் பெயர் வைக்க மூன்று வழிகள் போட்டியில் இருக்கின்றன. முதலாவது, அதிகாரபூர்வமான பெயர். 1995இல் கண்டறியப்பட்ட '51 பெகாசி பி' என்ற கோளுக்கு 2015இல் சர்வதேச வானியல் ஒன்றியம் 'டிமிடியம்' என்று பெயரிட்டது. லத்தீனில் 'பாதி' என்று பொருள். வியாழனின் நிறையில் ஏறக்குறையப் பாதி என்பதால் வந்தது. ஒன்றியத்தின் விதிப்படி இத்தகைய பெயர் 16 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். பட்டியலுக்கு இது சரி. ஆனால் தண்ணீர்க் குழாய் உடைந்ததைப் பற்றிப் பேசும் ஒருவர் தன் உலகத்தை இப்படிக் கூப்பிடுவாரா என்பது சந்தேகம். இரண்டாவது, பழைய ஊரின் பெயருக்கு முன் 'புதிய' சேர்ப்பது. நம்பும்படியானதுதான். ஆனால் வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்வதில்லை.

மூன்றாவது வழிதான் என் தேர்வு: குடியேறியவர்கள் தங்கள் மொழியில் சாதாரணமாகச் சொல்லும் ஒரு சொல்லை எடுத்து, நானூறு ஆண்டுகள் பேச்சில் உருள விடுவது. தமிழ் பேசும் ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். 'பொழில்' என்றால் சோலை. பழந்தமிழில் அதற்கு நிலம், உலகம் என்ற பொருளும் உண்டு. 'நாவலந் தண்பொழில்' என்ற பழைய வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்கள் கோளைப் 'புதுப்பொழில்' என்கிறார்கள்.

இனி உருட்ட வேண்டும். இங்கே இஷ்டத்துக்கு எழுத்தை மாற்றினால் பெயர் பொய்யாகிவிடும். மொழி மாறும்போது ஒலி மாறும்; அந்த ஒலி வரும் எல்லாச் சொற்களிலும் சேர்ந்தே மாறும். கன்னடத்தில் பத்தாம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி, சொல் முதலில் வந்த 'ப' மெல்ல 'ஹ' ஆனது. பால் 'ஹாலு' ஆனது, புலி 'ஹுலி' ஆனது, பத்து 'ஹத்து' ஆனது. ஆனால் நடுவில் இரட்டித்து வந்த 'ப்ப' அசையவில்லை. 'அப்பா' அங்கே இன்றும் அப்பாதான். அப்படி நம் கோளுக்கும் ஐந்து விதிகள் போதும்:

1. 'ழ' போய் 'ய' வரும். தமிழிலேயே சில பேச்சு வழக்குகளில் இது நடந்திருக்கிறது.
2. 'ந்த' என்பது 'ன்ன' ஆகும். 'வந்து' மலையாளத்தில் 'வன்னு' ஆனது போல.
3. சொல் முதல் 'ப' 'ஹ' ஆகி, பிறகு அந்த 'ஹ'வும் விழும்.
4. அழுத்தமில்லாத நடு 'உ' விழும்.
5. சொல்லின் கடைசி 'ம்', 'ன்' தேய்ந்து மறையும். 'மரம்' என்று நாம் சொல்லும்போதே அந்த 'ம்' பாதி மூக்கில் கரைந்துவிடுகிறது.

இவற்றை வரிசையாகச் செலுத்தினால் புதுப்பொழில் முதலில் 'புதுப்பொயில்', அடுத்து 'ஹுதுப்பொயில்', நடு உகரம் விழுந்து 'த்'தும் 'ப்'பும் ஒட்டியதும் 'ஹுப்பொயில்', கடைசியில் 'உப்பொயில்'. தனியாக வரும் 'பொழில்' என்ற சாதாரணச் சொல்லோ அதே விதிகளால் 'ஒயில்' ஆகியிருக்கும். எனவே கோளின் பெயருக்குள் சோலை இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. 'உப்பு' மட்டும் காதில் விழும். முன்பு உப்புக்கடல் இருந்ததால் வந்த பெயர் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். இப்படித்தான் இங்கிலாந்தில் ரோமானியர் காலத்து 'எபோராகம்' என்ற ஊர்ப்பெயர் புரியாமல் போனதும், ஆங்கிலோ சாக்சன்கள் அதில் தங்கள் மொழியின் காட்டுப்பன்றியைக் கேட்டு 'எயோஃபோர்விக்' என்றார்கள். நார்ஸ்காரர்கள் அதை 'யோர்விக்' ஆக்க, அது இன்று 'யார்க்'.

ஓர் எச்சரிக்கை. எழுத்தறிவுள்ள சமூகத்தில் ஏட்டுப் பெயர் அவ்வளவு எளிதில் மாறாது. 'திருநெல்வேலி' என்று எழுதிக்கொண்டே 'தின்னவேலி' என்று நாம் சொல்வதில்லையா? அதுபோல வரைபடத்தில் 'புதுப்பொழில்' என்றும் வாயில் 'உப்பொயில்' என்றும் இரண்டும் இருக்கட்டும். எந்தப் பாத்திரம் எதைச் சொல்கிறது என்பதிலேயே அவர் எங்கே வளர்ந்தவர் என்று தெரிந்துவிடும்.

குடும்பப் பெயருக்கு வருவோம். இங்கே போட்டி இன்னும் கடுமையானது, பலரும் தவறுவதும் இங்கேதான். கோளுக்குச் செலுத்திய அதே ஐந்து விதிகளைக் குடும்பப் பெயர்களுக்கும் அப்படியே செலுத்திவிடுகிறார்கள். கந்தன் 'கன்ன' ஆகிறது, பழனி 'அயனி' ஆகிறது, பரந்தாமன் 'அரன்னாம' ஆகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்ப்பெயரை எல்லாரும் நாள்தோறும் சொல்லித் தேய்க்கிறார்கள். குடும்பப் பெயரை அதிகம் சொல்வது வாயல்ல, பதிவேடு. அது யாரோ ஓர் எழுத்தர் காதில் கேட்டபடி ஒரே ஒரு நாளில் உறைந்துவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டு ஒப்பந்தக் கூலிமுறையில் கடல் தாண்டிய தமிழர்களின் பெயர்களைப் பாருங்கள். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களிடையே 'கவுண்டர்' என்பது 'கோவெண்டர்' ஆயிற்று. பிஜியில் அதே பெயர் ஏறக்குறைய அப்படியே 'கவுண்டர்' என நின்றது. 'முதலியார்' தென்னாப்பிரிக்காவில் 'மூட்லி' ஆயிற்று. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த கரீபியன் தீவான குவாதலூப்பில் 'முத்துச்சாமி'யின் உகரத்தை எழுத 'ஓ', 'யூ' என்ற இரண்டு லத்தீன் எழுத்துகளைச் சேர்த்தார்கள், ஏனென்றால் பிரெஞ்சு வழக்கம் அது. அந்தப் பெயரை ஆங்கில வழக்கில் வாசிப்பவர் 'மவுத்துசாமி' என்பார். தமிழில் எந்த ஒலிவிதியும் அங்கே வேலை செய்யவில்லை. மாற்றியது எழுதியவரின் மொழியும் வாசித்தவரின் மொழியும்தான்.

ஆகவே ஏட்டு வழியில் நாம் முடிவு செய்ய வேண்டியது எழுத்தர் யார், அவர் படிவத்தில் எத்தனை கட்டங்கள் என்பதை. தமிழருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குப் பொதுவாகக் குடும்பப் பெயரே இல்லை. அப்பா பெயரின் தலையெழுத்துதான். முத்துவேலின் மகன் 'மு. கந்தன்'. கப்பலின் படிவம் குடும்பப் பெயர் கேட்டுப் பிடிவாதம் பிடித்தால், எழுத்தர் புள்ளியைக் கவனிக்காமல் 'முகந்தன்' என்று பதிகிறார். பிறகு வேறோர் ஏட்டில் வேறோர் எழுத்தர் 'கந்தன்' என்று மட்டும் பதிகிறார். கந்தனின் பிள்ளைகளில் ஒருவர் முதல் ஏட்டின் பெயரையும் மற்றவர் இரண்டாம் ஏட்டின் பெயரையும் எடுத்தால், ஒரு தாய் மக்கள் இருவர் இப்போது இரண்டு குடும்பம். இந்தப் பிளவை ஒலிவிதி ஒருநாளும் உண்டாக்காது. அது செய்வது நேரெதிர்: ஒட்டவைக்கும். 'ண', 'ன' வேறுபாடு பேச்சில் போய்விட்டால் கந்தனின் வழியும் கண்ணனின் வழியும் 'கன்ன' என்ற ஒரே பெயரில் வந்து விழும்.

குடும்பப் பெயருக்கு ஒலிவிதி, ஏடு தவிர மூன்றாவது வழி மொழிபெயர்ப்பு. தெற்கு அட்லாண்டிக்கில் தன்னந்தனியாக இருக்கும் டிரிஸ்டன் ட குன்யா தீவில் 1836இல் கப்பல் உடைந்து கரையேறிய டச்சுக்காரர் பீட்டர் குரூன், அங்கே பீட்டர் கிரீன் ஆனார். இரண்டும் 'பச்சை'தான். சிறுபான்மை மொழிக்காரர் ஒருவரோ இருவரோ பெரிய கூட்டத்தில் கலக்கும் இடத்துக்கு இது பொருந்தும். ஒரு முழு ஊருக்கு ஒத்துவராது.

அந்தத் தீவு இன்னொன்றையும் காட்டுகிறது. அங்கே தலைமுறைகளாக வழங்கிவந்த குடும்பப் பெயர்கள் ஏழெட்டுக்குள் அடங்கும். தந்தை வழியில் மட்டும் பெயர் இறங்கினால், மகன் இல்லாத ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் அழிகிறது. கால்டன், வாட்சன் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1874இலேயே இதைக் கணக்காக எழுதினார்கள். சிறிய கூட்டமாகத் தொடங்கிய குடியேற்றத்தில் பதினாறு தலைமுறைக்குப் பிறகும் தெருவுக்குத் தெரு புதுப் பெயர் இருந்தால் அது நம்பும்படி இல்லை. உப்பொயிலில் முகந்தன்கள் மலிந்திருக்க வேண்டும், அவர்களை வேறுபடுத்தப் பட்டப்பெயர்கள் முளைத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒலிவிதி வழியைக் குடும்பப் பெயருக்கு முழுவதும் ஒதுக்கிவிட நான் தயாரில்லை. அதனால் மட்டும் கிடைக்கும் ஒரு நன்மை இருக்கிறது: காலம். குடியேறிய முதல் இருநூறு ஆண்டுகளிலேயே 'ழ' மாறி, 'ப'வும் விழுந்து முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250ஆம் ஆண்டில் இரண்டாவது கப்பல் வருகிறது. அதில் வந்த பழனிக்கு 'ப' போகாது, ஏனென்றால் முடிந்துபோன விதி புதிதாக வந்த சொல்லைத் தொடாது. எனவே 'அயனி' என்றால் முதல் கப்பல், 'பழனி' என்றால் இரண்டாவது கப்பல். இருவருடைய மூதாதையரும் பூமியில் ஒரே பெயர்க்காரர்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. நிலத் தகராறில் யார் பக்கம் யார் என்பதைப் பெயரின் முதல் எழுத்தே சொல்லிவிடும்.

விதிகளின் வரிசையையும் இங்கே கவனிக்க வேண்டும். சொல்லின் கடைசியில் நிற்கும் குறில் உயிரும் விழும் என்று ஆறாவது விதி ஒன்றைச் சேர்த்தால், அது ஐந்தாவதுக்குப் பின் வரும்போது 'கன்ன' மேலும் தேய்ந்து 'கன்' ஆகும். முன் வந்தால் 'கன்னன்' மெய்யில் முடிவதால் அது தொடாது. பிறகு 'ன்' மட்டும் போய்க் 'கன்ன' என்றே நிற்கும். பாதிப் பெயர்களை ஒரு வரிசையிலும் மீதியை இன்னொரு வரிசையிலும் ஓட்டியிருந்தால் கூர்ந்து படிப்பவருக்கு ஏதோ உறுத்தும்.

ஆக, கோளுக்கு ஒலிவிதி. குடும்பப் பெயருக்கு முதலில் ஏடு, அதற்கு மேல் பேச்சில் மட்டும் லேசாக ஒலிவிதி. தனியாக வந்து சேர்ந்த ஓரிருவருக்கு மொழிபெயர்ப்பு. சரிபார்க்க நான் செய்வது ஒன்றுதான். அந்த மக்கள் தண்ணீர், அம்மா, பத்து, பழம், வந்தான் என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று அதே விதிகளில் எழுதிப் பார்ப்பேன். பத்து 'அத்து' என்றும், பழம் 'அய' என்றும், வந்தான் 'வன்னா' என்றும் வர வேண்டும். வீட்டில் 'பத்து' என்றே சொல்லிக்கொண்டிருக்கும் ஊரில் கோளின் பெயரில் மட்டும் 'ப' போயிருந்தால், அந்தப் பெயரைத் திரும்ப எடுத்து முதலிலிருந்து உருட்டுவேன்.