ராப் டிரஸ் கழுத்து: தாளில் குறைப்பதா, நாடா வைப்பதா?

சுங்கை சிப்புட் பக்கம் தீபாவளிக்கு ராப் டிரஸ் கேட்பவர்கள், கூடவே "குனிஞ்சா கழுத்து திறக்கக்கூடாதுக்கா" என்றும் சொல்லிவிடுவார்கள். முன்பாகம் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவதால், தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் கழுத்தோரம் துணியின் இழைக்குச் சாய்வாக விழுகிறது. அதனால் இழுபடும்; மார்புக்கு மேல் தொளதொளக்கும்.

முதல் வழி, துணி வெட்டுமுன் அளவு வரையும் தாளிலேயே குறைப்பது. மலிவுத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டு, தொளதொளப்பை ஊசியால் பிடித்து அளந்து பாருங்கள். 1.5 செ.மீ. வந்தது என்று வையுங்கள். தாளில் கழுத்தோரத்திலிருந்து மார்பு முனைக்கு ஒரு கோடு வெட்டுங்கள். இடுப்பு டார்ட்டின் ஒரு காலையும் முனை வரை வெட்டுங்கள். கழுத்தோரத்தில் 1.5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால், முனையில் சுழியமாகி, அந்த அளவு இடுப்பு டார்ட்டுக்குள் போய்விடும். அப்புறம் கழுத்துக் கோட்டை நேராக்குங்கள்.

இரண்டாவது, தைக்கும்போது ஓரத்தில் இழுபடாத நாடா வைப்பது. நாடாவைத் துணியில் அளக்காமல் தாளில் அளந்து, அரை செ.மீ. குறைத்து வெட்டி, அந்தக் குறைவை மார்புப் பகுதியில் மட்டும் பரப்ப வேண்டும். இதற்கு மேல் இறுக்கினால் ஓரம் சுருங்கிச் சுருங்கி நிற்கும்.

மார்பு எடுப்பாக இருந்தால் நாடா மட்டும் போதாது, தாள்தான். வழுக்கும் ரேயான் என்றால் இரண்டும் வேண்டும்; தாளில் குறைத்தாலும் வெட்டிய ஓரம் கையிலேயே நீளும். இன்னும் ஒன்று, வலது பக்கத் தையலில் கயிறு நுழையும் துளை இடுப்புக் கோட்டுக்குச் சரியாக இருக்கட்டும். அது கீழே போனால் உள்பாகம் இறங்கி, கழுத்து மறுபடி திறக்கும்.