சோலார் போட்ட பிறகு பவர் ஃபேக்டர் விழுந்தால்: கெப்பாசிட்டரா, இன்வெர்ட்டரா?

கங்கைகொண்டான் பக்கம் எங்களுடையது ஒரே ஷிப்ட் ஓடும் சின்ன ஆலை. உயர் அழுத்த இணைப்பு. கூரையில் சோலார் ஏறியதும் யூனிட் பாதியாகக் குறைந்தது, ஆனால் பில்லில் அதுவரை இல்லாத ஒரு வரி முளைத்தது. பவர் ஃபேக்டர் அபராதம். இழுக்கும் மொத்த கேவிஏவில் உண்மையாக வேலை செய்யும் கிலோவாட்டின் பங்குதான் பவர் ஃபேக்டர்.

காரணம் எளிது. ஆலை 300 கிலோவாட் இழுக்கிறது. பழைய கெப்பாசிட்டர் பேனல் பவர் ஃபேக்டரை 0.95-இல் பிடித்து வைத்திருப்பதால், மோட்டார்களின் காந்தப்புலத்துக்காக மின்வாரியத்திடமிருந்து வரும் ரியாக்டிவ் பவர் சுமார் 99 கேவிஏஆர். வெயிலில் சோலார் 200 கிலோவாட் தருகிறது, ஆனால் ரியாக்டிவ் எதுவும் தருவதில்லை. வெளியிலிருந்து வருவது 100 கிலோவாட்டாகக் குறைய, 99 அப்படியே நிற்கிறது. அந்த நேர பவர் ஃபேக்டர் 0.71. மோட்டாரில் எதுவும் கெடவில்லை, மீட்டர் பார்க்கும் கிலோவாட்தான் சிறுத்துவிட்டது.

எட்டு மணி நேர வேலையில் ஆறு மணி இப்படியும், இரண்டு மணி சோலார் இல்லாமலும் ஓடினால் நாளுக்கு 1200 யூனிட், 1476 கேவிஏ மணி. சராசரி 0.81. தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புக்கு எல்லை 0.90. 0.85-க்குக் கீழே போனால் 0.90-இலிருந்து குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் பயன்பாட்டுக் கட்டணத்தில் 1.5 சதவீதம். ஒன்பது புள்ளிக்கு 13.5 சதவீதம். மாதம் 25 வேலை நாள், யூனிட் ஏழரை ரூபாய் என்று வைத்தால், யூனிட் கட்டணத்தில் மட்டும் முப்பதாயிரம் ரூபாய். சோலார் மிச்சம் பிடித்த இரண்டே கால் லட்சத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திரும்பிப் போகிறது. டிமாண்ட் கட்டணமும் இறங்காது, வெயில் இல்லாத அந்த இரண்டு மணியில் முழு லோடும் மீட்டரில் பதிவாகிவிடும்.

சரி, வழிகள் மூன்று. ரியாக்டிவ் பவரைத் தானே உருவாக்கித் தரும் எஸ்விஜி என்னும் மின்னணுக் கருவி வேகமானது, விலையும் அதிகம். வெல்டிங் போல நொடிக்கு நொடி மாறும் லோடு இருப்பவர்களுக்குப் பொருந்தும். நாங்கள் போடவில்லை, அதனால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, கெப்பாசிட்டர் பேனலைத் திருத்துவது. முதலில், கன்ட்ரோலருக்குக் கரண்டை அளந்து சொல்லும் சி.டி. எங்கே என்று பாருங்கள். சோலார் இணையும் இடத்துக்குப் பின்னால், லோடு பக்கம் இருந்தால், கன்ட்ரோலர் கண்ணுக்கு 0.95 தெரியும், மீட்டரில் 0.71 ஓடும். மின்வாரிய இணைப்பு உள்ளே வரும் இன்கமர் பக்கம் அதை மாற்றினால் மட்டும் போதாது. 100 கிலோவாட்டில் 0.95 வேண்டுமானால் இன்னும் 66 கேவிஏஆர் கெப்பாசிட்டர் வேண்டும். இறக்குமதி 20 கிலோவாட்டுக்கு வந்தால் கரண்ட் மிகக் குறைந்து, சில கன்ட்ரோலர்கள் எல்லா ஸ்டெப்பையும் உதறிவிடும். பராமரிப்பும் தொடரும்: 415 வோல்ட்டில் 25 கேவிஏஆர் கெப்பாசிட்டர் ஃபேஸுக்கு சுமார் 35 ஆம்பியர் எடுக்க வேண்டும். க்ளாம்ப் மீட்டர் 26 காட்டினால் கால் பங்கு செத்துவிட்டது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் பேனலுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

மூன்றாவது நாங்கள் எடுத்தது: இன்வெர்ட்டரையே ரியாக்டிவ் கொடுக்கச் சொல்வது. 0.90 என்று நிலையான பவர் ஃபேக்டர் வைத்தால், ஒவ்வொரு 100 கிலோவாட்டுக்கும் 48 கேவிஏஆர் சேர்ந்து வரும். 200 கிலோவாட்டில் 97, நமக்குத் தேவைப்பட்டது 99. சோலார் ஏற ஏறத்தான் இந்தப் பிரச்சினையும் ஏறுகிறது, மருந்தும் அதே அளவில் கூடவே ஏறுகிறது. மேகம் மறைத்து 100 கிலோவாட்டுக்கு இறங்கினால் இறக்குமதி 200 கிலோவாட், 51 கேவிஏஆர், 0.97. மாத சராசரி 0.97-ஐத் தொடும். கெப்பாசிட்டர் பேனலைத் தொடவில்லை, புதுச் சாமானும் வாங்கவில்லை.

விலை ஒன்று உண்டு. 250 கேவிஏ இன்வெர்ட்டர் அப்போது 225 கிலோவாட்டுக்கு மேல் தராது, உச்சி வெயிலில் கொஞ்சம் வெட்டுப்படும். அபராதத்தோடு ஒப்பிட்டால் அது பொருட்டில்லை.

திசைதான் பெரிய பொறி. சில இன்வெர்ட்டர்களில், ரியாக்டிவைக் கொடுப்பதா எடுப்பதா என்று குறிக்கும் லீட், லேக் இரண்டும் நாம் நினைப்பதற்கு எதிராகப் பொருள்படும். மாற்றிப் போட்டால் 99-உடன் 97 கூடி 196 ஆகும், பவர் ஃபேக்டர் 0.45-க்குப் போகும். செட்டிங்கை மாற்றிய உடனே, ஆலை ஓடும்போதே, இன்கமர் மீட்டரில் கேவிஏஆர் இறங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஞாயிறும் சாப்பாட்டு நேரமும். லோடு விழுந்த பிறகும் இன்வெர்ட்டர் 97-ஐத் தள்ளிக்கொண்டிருந்தால், மிஞ்சிய ரியாக்டிவ் மின்வாரியத்தின் பக்கம் போய் லீடிங் ஆகும். உங்கள் மீட்டர் லீடையும் கேவிஏ மணியில் சேர்க்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்தால், இன்கமர் மீட்டரைப் படித்துத் தானே திருத்திக்கொள்ளும் கன்ட்ரோலரை இன்வெர்ட்டருக்குக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஷிப்ட் ஓடும் நூற்பாலை என்றால் இவ்வளவும் அவசரமில்லை, சோலார் இல்லாத மணிகளே அதிகம் என்பதால் அவர்களுடைய சராசரி அவ்வளவு விழாது.