மஸ்டர் ரோலைச் சரிபார்க்க: திடீர் சோதனையா, இரட்டைப் பதிவா?

அறுபது பேர் வேலை செய்யும் கட்டட சைட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று மேஸ்திரிகள், வாரக் கூலி. தினக்கூலி வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் ஏறிய பெயருக்கெல்லாம் உண்மையில் ஆள் வந்தாரா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சொல்லாமல் போய்த் தலை எண்ணுவது. மற்றொன்று, அதே வருகையை இன்னொருவரும் தனியாக எழுதி, இரண்டையும் ஒப்பிடுவது. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. ஆனால் முதலாவதை முழுக்கக் கைவிடவில்லை.

திடீர் சோதனைக்குச் செலவு குறைவு. மாதம் முழுக்க ஓடும் பொய்ப் பெயர் எந்த நாளில் போனாலும் சிக்கிவிடும். செய்யும் வரிசைதான் முக்கியம். சைட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மஸ்டர் ரோலைக் கையில் வாங்கி, அன்றைய கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். பிறகுதான் தலை எண்ணிக்கை, அதன் பின் பெயர் கூப்பிடுவது. எண்ணிய பிறகு ரோலைக் கேட்டால், அதற்குள் எண்ணிக்கைக்கு ஏற்ப ரோல் திருந்தியிருக்கும். போகும் நேரம் மதியம் இரண்டரை என்றால் நல்லது, காரணம் அரை நாள் வேலைக்கு முழு நாள் போடுவது அப்போதுதான் வெளிப்படும். அந்த நேரத்திலும் அன்றைய கட்டங்கள் காலியாக இருந்தால், ரோல் மாலையில் நினைவிலிருந்து நிரப்பப்படுகிறது என்று அர்த்தம். ஒரு பொய்ப் பெயரைவிட அது பெரிய கோளாறு.

இதன் பலவீனம் விட்டுவிட்டு நடக்கும் திருட்டு. 26 வேலை நாளில் ஒரு மேஸ்திரி மூன்று நாள் மட்டும் ஆள் கூட்டி எழுதுகிறார் என்று வைப்போம். மாதம் இரண்டு சோதனை போட்டால் அந்த மூன்று நாளில் ஒன்றிலாவது போய் நிற்கும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம்தான். சோதனையை நான்காக்கினாலும் 41 சதவீதத்தைத் தாண்டாது. இரட்டைப் பதிவு 26 நாளும் பார்க்கிறது.

ஆனால் இரட்டைப் பதிவு நிற்பதும் விழுவதும் ஒரே விஷயத்தில்: இரண்டாவது நோட்டை யார், எங்கிருந்து எழுதுகிறார்? 100 நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாப் பணித்தளங்களிலும் தினம் இருமுறை படம் எடுத்து வருகையைச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. பெயர் எழுதுபவரும் படம் எடுப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. ஒரே கை எழுதினால் இரண்டு பதிவும் ஒரு பதிவுதான்.

சைட்டில் அந்த இரண்டாவது கை கேட் வாட்ச்மேன். ஆள் நுழையும்போது அவருடைய பெயர், டோக்கன் எண், நேரம் மூன்றையும், வெளியேறும்போது மறுபடி நேரத்தையும் எழுத வேண்டும். அவருக்கு மஸ்டர் ரோல் கண்ணில் படக்கூடாது, அவரை மேஸ்திரியின் ஆளாகவும் வைக்கக்கூடாது. மஸ்டரைக் காலை ஒன்பதரைக்குள் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கேட் நோட்டு மாலையில் வரும். ஒப்பிடுபவர் மூன்றாவது ஆளான கணக்கர். முதலில் மேஸ்திரிவாரியாக மொத்தத்தைப் பார்த்து, உதைக்கும் இடத்தில் மட்டும் பெயர் பெயராக இறங்கினால் அதிக நேரம் பிடிக்காது. மொத்தம் ஒத்துப்போகும் குழுக்களில் வாரம் ஒன்றையாவது பெயர்வாரியாகப் பார்த்துவிட வேண்டும். வராதவர் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்திருந்தால் மொத்தம் காட்டிக்கொடுக்காது.

ஒரு நாள் ஒப்பீடு இப்படி இருக்கும். மஸ்டரில் 62, கேட் நோட்டில் 60. காணாத இருவரில் ஒருவர் கான்கிரீட் லாரியோடு பின்வழியாக வந்த கம்பி வேலைக்காரர். வண்டிச் சீட்டில் நேரம் இருக்கிறது, கூலி உண்டு. மற்றவருக்கு டோக்கனே வழங்கப்படவில்லை, கூலி நிறுத்தம். 60 பேரில் ஒரு சித்தாள் 12:40க்கு வெளியேறித் திரும்பவில்லை, மஸ்டரில் முழு நாள். அரை நாளாகத் திருத்தி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசித் தவறு மொத்தத்தில் தெரியவே தெரியாது, வெளியேறும் நேரம்தான் காட்டியது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடும் வாட்ச்மேனிடம் அன்றே கேட்க வேண்டும்.

கேட் நோட்டு மஸ்டரைப் பார்த்து எழுதப்பட்டதா என்பதைப் பெயர் வரிசையே சொல்லும். ஆட்கள் வரும் ஒழுங்கில் மூன்று குழுவும் கலந்து வர வேண்டும். மஸ்டரில் உள்ள அதே வரிசையில் பெயர்கள் இறங்கினாலோ, ஒரு மாதம் முழுக்க ஒரு வித்தியாசமும் இல்லாமல் போனாலோ காப்பிதான். இந்த இடத்தில்தான் திடீர் சோதனை வேண்டும். மாதம் இரண்டு போதும், ஆனால் மஸ்டரோடு கேட் நோட்டையும் வைத்துத் தலை எண்ண வேண்டும். நாளைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அந்தப் பக்கம் போகிற நாளில் பார்ப்பது என்றால் எல்லோரும் நாளைக் கணித்துவிடுவார்கள்.

பத்துப் பதினைந்து பேர் உள்ள வேலைக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம், சோதனையே போதும். சாலை, கால்வாய் போல கேட்டே இல்லாத இடத்தில் இந்த முறை எவ்வளவு தாங்கும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அங்கே இரண்டாவது நோட்டை எழுத நடுநிலையான ஆள் கிடைப்பது கடினம். அதனால் சோதனைகளை வாரம் இரண்டாகக் கூட்டி, ஒவ்வொன்றையும் அன்று முடிந்த வேலையின் அளவோடு சேர்த்துப் பாருங்கள்.