மாத்திரைக் குறிப்புக்கு எது உதவும்: நாள்காட்டியா, டப்பாவா, போனா, நோட்டா?

பார்க்கின்சன் உள்ளவரைக் கவனிக்கும் வீடுகளை மனதில் வைத்துப் பேசுகிறேன். லெவோடோபா மாத்திரையில் நேரம்தான் பாதி வைத்தியம்.

நாள்காட்டியில் டிக் போடுவது சுலபம். ஆனால் பன்னிரண்டு மணி மாத்திரையை ஒரு மணிக்குக் கொடுத்தாலும் அதே டிக்தான். வாரத்துக்கான மாத்திரை டப்பா இன்னும் கொஞ்சம் மேல். விடுபட்டது உடனே கண்ணில் படும். ஆனாலும் அறை காலியாக இருந்தால் மாத்திரை எடுக்கப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். கை நடுங்கிக் கட்டிலுக்கு அடியில் விழுந்ததும் அதில் சேர்த்தி. போன் அலாரம் நேரத்தை நினைவூட்டும், அதற்கு ஈடு இல்லை. மாத்திரை போட்ட பிறகு என்ன நடந்தது என்பதை அது குறித்து வைக்காது.

அதற்குத்தான் நோட்டு. அப்பாவுக்கு 8, 12, 4, 8 என்று நான்கு வேளை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் இப்படி இருக்கும்:

8.00 விழுங்கினார். 8.45 கை இறுக்கம் தளர்ந்தது, நடந்தார். 11.15 கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றார். 12.40 சாப்பாட்டோடு கொடுத்தேன், பருப்பு, முட்டை. 2.15 வரை இறுக்கம் விடவில்லை.

மூன்று நாள் தொடர்ந்து பதினொன்றே காலுக்கே கால் ஒட்டினால், காலை மாத்திரையின் வேகம் அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது என்று மருத்துவருக்குப் புரியும். பகலில் நடந்தது வேறு. மாத்திரை நாற்பது நிமிடம் தாமதம். போதாததற்குப் புரத உணவோடு போனதால், குடலில் இரண்டும் ஒரே வழியில் உள்ளே போகப் போட்டி போட்டிருக்கும். வழக்கமாக உணவுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ கொடுக்கச் சொல்வார்கள். மாத்திரை போட்டதும் குமட்டினால் அதையும் எழுதிக் கேளுங்கள். நான்கு டிக் மட்டும் கொண்டுபோனால், மருந்து போதவில்லை என்று அளவு கூடிவிட வாய்ப்புண்டு.

பக்கவிளைவுக்கும் மணி வேண்டும். அடுத்த மாத்திரைக்கு முன் வரும் நடுக்கம் பெரும்பாலும் மருந்து தீர்ந்ததன் அடையாளம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் உடல் நெளிந்து ஆடினால், அது மருந்து உச்சத்தில் இருப்பதால் இருக்கலாம். வீட்டில் இரண்டையுமே நடுக்கம் என்றுதான் சொல்கிறோம், வைத்தியமோ நேர் எதிர். எழுந்து நின்றதும் தலைசுற்றினாலும், இல்லாத ஆட்கள் தெரிவதாகச் சொன்னாலும் நேரத்தோடு எழுதுங்கள். இல்லாத ஆட்கள் தெரிந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

விடுபட்ட வேளையை மறைக்க வேண்டாம். "12 மணி தவறியது, தூக்கம்" என்று காரணத்தோடு எழுதினால் போதும். ஈடுகட்ட அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு தாமதமானால் கொடுக்கலாம், எப்போது விட்டுவிட வேண்டும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். மாத்திரையைத் திடீரென்று அடியோடு நிறுத்துவது ஆபத்து. கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வரலாம்.

நான் சொல்வது அலாரத்துக்குப் போன், பதிவுக்கு நோட்டு. நாள் முழுக்க எழுத முடியாதவர்கள், மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய மூன்று நாளாவது முழுதாக எழுதுங்கள். மற்ற நாட்களில் விழுங்கிய நேரமும், தவறியதும், புதிதாக ஏதாவது தெரிந்தால் அதுவும் இருந்தால் சரி.