ஐம்பதாயிரம் என்றார்கள், வந்தது 37,090

நேற்று ராத்திரி புது வேலையின் முதல் முழு மாதச் சம்பளம் ஏறியது. 37,090 ரூபாய். தவறாக ஏதோ பிடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லையாம், இனி மாதாமாதம் இதேதானாம். நான் கணக்குப் போட்டு வைத்திருந்தது 50,000. 12,910 ரூபாய் குறைவு!

பழைய ஆபீஸில் கைக்கு 36,000 வந்துகொண்டிருந்தது. வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியிலிருந்து பேசிய பெண், "சார், ஆறு லட்சம் சிடிசி. மாசம் ஐம்பது வந்துடும்" என்றார். பி.எஃப். பிடிப்பார்களே என்று கேட்டேன். "அது கம்பெனியே போடும் சார், நீங்க கவலைப்படாதீங்க." அந்த வார்த்தையை நம்பினேன். ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 6,00,000 என்று ஒரே வரி. சம்பளப் பிரிவு அனெக்சரில் வரும், சேரும் அன்று தருகிறோம் என்றார்கள். நானும் சரி என்று ராஜினாமா கொடுத்துவிட்டேன். அங்கே என் சர்வீஸ் நான்கு வருடம் இரண்டு மாதம். பத்து மாதம் பொறுத்திருந்தால் ஐந்து வருடம் முடிந்து கிராஜுவிட்டி கிடைத்திருக்கும். அதுவும் போச்சு.

கம்பெனியே போடும் என்றது பொய் இல்லை. ஆனால் அந்தக் காசை என் ஆறு லட்சத்துக்குள்ளிருந்தே எடுத்துப் போடுகிறது. சிடிசி என்பது என்னை வைத்திருக்கக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, என் சம்பளம் அல்ல. என் பேஸிக் 25,000. அதில் 12 சதவீதம், 3,000, கம்பெனியின் பி.எஃப். பங்கு. கிராஜுவிட்டி என்று 4.81 சதவீதம், 1,202. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 500. வருடக் கடைசியில் 'பெர்ஃபார்மன்ஸைப் பார்த்து' தரப்போகும் வேரியபிளுக்கு மாதம் 5,000. மாதம் 50,000இல் இந்த நான்கும் போய் கிராஸ் 40,298. அப்புறம்தான் பே ஸ்லிப்பில் கண்ணுக்குத் தெரியும் பிடித்தம்: என் பி.எஃப். பங்கு இன்னொரு 3,000, தொழில் வரி 208. மிச்சம் 37,090.

எச்.ஆரிடம் போனேன். "பி.எஃப். உங்க பணம்தானே சார், எங்கேயும் போகல." பி.எஃப். போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதிலும் கம்பெனியின் 3,000 முழுசாக என் கணக்கில் சேராது. பழைய வேலையிலிருந்தே பென்ஷன் திட்டத்தில் இருப்பதால் 1,250 அங்கே போய், 1,750தான் பாஸ்புக்கில் ஏறும். சரி, கிராஜுவிட்டி? அது எந்தக் கணக்கிலும் என் பெயரில் ஏறுவதில்லை. என்னைப் போன்ற நிரந்தர ஊழியர் ஐந்து வருடத்துக்கு முன் விலகினால் மாதாமாதம் ஒதுக்கிய அந்த 1,202 எல்லாம் கம்பெனிக்கே. அதைச் சம்பளம் என்று காட்டி ஆள் பிடிக்கிறார்கள்.

முதலாளியின் பி.எஃப். பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே என்றேன். "நாங்க பிடிக்கலையே சார், சிடிசியிலேயே சேர்த்துத்தானே ஆஃபர் கொடுத்தோம்" என்றார் சிரித்துக்கொண்டே. அதுதான் சாமர்த்தியம். சம்பளத்தை முடிவுசெய்யும் முன்பே உள்ளே வைத்துவிட்டால் அதற்குப் பெயர் பிடித்தம் இல்லை. போகட்டும், சட்டப்படி பேஸிக்கில் 15,000 வரைதானே பி.எஃப். கட்டாயம், அதற்கு 12 சதவீதம் 1,800 ஆக்கிக் கையில் கொஞ்சம் கூட்டித் தாருங்கள் என்றேன். "பாலிசி இல்லை." ஏஜென்சிப் பெண்ணுக்கு மூன்று முறை போன் அடித்தேன். "சிடிசின்னா எல்லா இடத்திலும் அப்படித்தான் சார்" என்று ஒரு மெசேஜ். அதற்கப்புறம் பதிலே இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. அனெக்சரைப் பார்க்காமல் ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். சிடிசியை 12 ஆல் வகுத்து வீட்டில் சொல்லாதீர்கள், நான் சொல்லிவிட்டேன். பேஸிக் எவ்வளவு, பி.எஃப். முழு பேஸிக்குக்கா 15,000க்கா, கிராஜுவிட்டியும் வேரியபிளும் உள்ளேயா வெளியேயா, இதையெல்லாம் மெயிலில் கேளுங்கள், போனில் வேண்டாம். மாதம் 12,910. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் வேறு போட்டுவிட்டேன், அந்த 50,000ஐ நம்பி.