எலுமிச்சை சிவந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்

வியாழக்கிழமை நாகூர், சனிக்கிழமை திருநள்ளாறு என்று கூட்டம் சேரும் நாட்களில், பஸ் ஸ்டாண்டு பக்கம் துண்டு விரித்து உட்கார்ந்து கண்ணேறு கழிக்கிறவர்களைப் பற்றிய எச்சரிக்கை இது. இவர்களுக்கும் தர்காவுக்கும் கோயிலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

கும்பகோணம் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றால் போனது. கண் உள்ளே போய், உச்சிக்குழியும் பள்ளம் விழுந்திருந்தது. "யாரோ கண்ணு போட்டுட்டாங்க" என்று பாட்டி சொல்ல, தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உட்கார்ந்திருந்தவர் குழந்தையின் பெயரையும் தாயின் பெயரையும் கேட்டு, எலுமிச்சையை மூன்று சுற்றுச் சுற்றி நறுக்கினார். சாறு ரத்தமாகச் சிவந்தது. அதற்கு 251 ரூபாய். செப்புக் குப்பியில் அரக்கு வைத்து அடைத்த தாயத்து, கறுப்புக் கயிற்றோடு 2,500. "48 நாள் கழட்டக் கூடாது, பிரிச்சா கட்டு உடைஞ்சிடும்" என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் போன் செய்தார்: "செய்வினை பலமா இருக்கும்மா, பூஜைக்கு 12,000 ஆகும்."

எலுமிச்சை சிவப்பதில் மர்மம் ஒன்றுமில்லை. செம்பருத்திப் பூவைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவிட்டால் கறை கண்ணுக்குத் தெரியாது. புளிப்புச் சாறு பட்டதும் அது சிவக்கும். "எங்க வீட்டுக் கத்தியில நறுக்குங்க" என்று கேட்டுப் பாருங்கள். நேரம் சரியில்லை, அதில் தீட்டு இருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார்.

தாயத்தை ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் கொண்டுபோனார்கள். அரக்கைச் சுரண்டிச் சுருளை விரித்தார். ஒன்பது கட்டத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். எந்த வரிசையைக் கூட்டினாலும் 15 வரும் பழைய மாயச் சதுரம் அது. "இதுல குர்ஆன் வசனம் ஒண்ணுகூட இல்லேம்மா" என்றார்.

கண்ணேறே பொய் என்று அவர் சொல்லவில்லை. கண்ணேறு உண்மை என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. ஆனால் ஓதிப் பார்ப்பதற்கு அறிஞர்கள் மூன்று நிபந்தனை வைத்திருக்கிறார்கள். இறைவனின் சொல்லோ பெயர்களோ மட்டும் ஓதப்பட வேண்டும். பொருள் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அது தானாகக் காக்காது, காப்பவன் இறைவனே என்ற நம்பிக்கை வேண்டும். எண் கட்டம் முதல் இரண்டிலேயே விழுந்துவிடுகிறது. தாயத்தைத் தொங்கவிட்டு அதையே நம்புவது இறைவனுக்கு இணைவைப்பது என்றும் ஹதீஸ் உண்டு. வசனம் மட்டும் எழுதிய தாயத்து கூடுமா என்பதில் நபித்தோழர்கள் காலத்திலிருந்தே கருத்து வேறுபாடு இருக்கிறது. குர்ஆனின் ஃபலக், நாஸ் என்ற இரு அத்தியாயங்களை ஓதி ஊதுவதில் வேறுபாடு இல்லை. அதற்குக் கயிறும் குப்பியும் வேண்டாம்.

சைவத்திலும் கோடு இதே இடத்தில்தான் விழுகிறது. மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரை, நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தது நம் வேதாரண்யத்தில்தான். சம்பந்தர் காப்பு எதுவும் தேடவில்லை. கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்பினார். கோயிலில் தரும் ரட்சைக் கயிறு வேண்டுதலின் நினைவுக்கு. கழட்டினால் கெடுதல் வரும் என்று எவர் பயமுறுத்தினாலும் அவர் விற்பது பயத்தை.

உப்பு, மிளகாய், தெருமண் சுற்றி அடுப்பில் போடுவதில் காசு போவதில்லை. பாட்டி மனசு ஆறும், அவ்வளவுதான். அது முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஏனென்றால் உச்சிக்குழி பள்ளம் விழுவது உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்பும். அந்தக் குழந்தைக்கும் அப்படித்தான் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். கொடுத்து, இரண்டு வயதுக்குள் என்பதால் ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லி புகட்டச் சொன்னார்கள். துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், 14 நாளைக்கு. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

தாயத்தையே வாயில் போட்டுச் சப்பும் வயசு அது. 2009இல் நியூயார்க்கில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. காரணம், கழுத்தில் கட்டியிருந்த கம்போடியத் தாயத்து. அந்த உலோகத்தில் 45 சதவீதம் ஈயம். கழுத்துக் கயிறு தொட்டிலில் மாட்டி இறுக்கவும் செய்யும்.

அந்தக் குடும்பம் 12,000 கொடுக்கவில்லை. முதலில் கொடுத்த 2,751 திரும்பவில்லை. ஆனால் தாயத்து விற்றவர் கொடுத்த விளம்பர நோட்டீசைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறார்கள். தாயத்து, மந்திரம், கவசம் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. புகார் கொடுக்கப் போகும்போது அந்த நோட்டீசும், பணம் அனுப்பிய செல்போன் ரசீதும், பிரித்த தாயத்தும் கையில் இருக்கட்டும்.