பிரெஞ்சு, ஸ்பானிஷ் எதிர்மறை டிரில்: 14 மாதம் செய்து பார்த்ததில்

இரண்டு மொழியையும் ஒன்றாகப் படிக்க ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. அதில் விடாமல் செய்தது, கொடுத்த வாக்கியத்தை எதிர்மறையாக மாற்றும் டிரில் மட்டும்தான். நாளுக்கு 20 வாக்கியம், எழுதாமல் வாய்விட்டுச் சொல்வது.

முதல் சில வாரம் சப்பென்றுதான் இருந்தது. பிரெஞ்சில் வினைக்கு முன்னால் 'நெ', பின்னால் 'பா'. ஸ்பானிஷில் முன்னால் 'நோ', அவ்வளவுதான். 'யாரோ', 'எதையோ' உள்ள வாக்கியங்கள் வந்த பிறகுதான் தடுமாற ஆரம்பித்தேன்.

"யாரோ வருகிறார்" என்பது ஸ்பானிஷில் 'அல்கியென் வியெனே'. இதை நான் மாதக்கணக்கில் 'நாதியே நோ வியெனே' என்றே மாற்றிக்கொண்டிருந்தேன். தப்பு. 'யாரும்' என்ற பொருள் தரும் நாதியே வினைக்கு முன்னால் வந்தால் நோ இருக்கக் கூடாது, 'நாதியே வியெனே' என்றாலே போதும். பின்னால் போனால் நோ கட்டாயம் வேண்டும், 'நோ வியெனே நாதியே'. ஏன் இவ்வளவு பிடிவாதமாகத் தப்பு வந்தது என்று யோசித்தால், நமக்கு 'யாரும் வரவில்லை'தானே, யாரும் என்ற சொல்லை எங்கே வைத்தாலும் வினையில் இருக்கும் 'இல்லை' நகராது. போதாததற்குப் பிரெஞ்சும் அந்தப் பழக்கத்துக்கே துணை போகிறது: 'பெர்சோன் நெ வியான்', முன்னால் வந்தாலும் நெ அப்படியே நிற்கும்.

பிரெஞ்சில் மாட்டியது வேறு இடத்தில். 'யாரும்' என்ற பெர்சோன், 'எதுவும்' என்ற ரியான், 'ஒருபோதும்' என்ற ஜமே வந்தால் பா வரக் கூடாது, ஆனால் முதல் மாதப் பழக்கத்தில் வாய் தானாகப் பாவைச் சேர்த்துவிடும். அப்புறம் இறந்த காலத்தில் இடம் வேறு மாறுகிறது. 'எதையும் பார்க்கவில்லை' என்றால் 'ஜெ நே ரியான் வ்யூ', 'யாரையும் பார்க்கவில்லை' என்றால் 'ஜெ நே வ்யூ பெர்சோன்'. ரியான் வ்யூவுக்கு முன்னால், பெர்சோன் பின்னால். இந்த இரண்டையும் ஜோடியாக அடுத்தடுத்து வைத்துச் சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

டிரில்லில் குறையும் உண்டு. 'தூஜூர்' என்றால் 'எப்போதும்', 'இன்னும்' இரண்டும்தான். நான் வைத்திருந்த பயிற்சித் தாளின் விடைப் பக்கம் எல்லா தூஜூருக்கும் ஜமே என்றே போட்டிருந்தது. 'இல் அபித் தூஜூர் இசி', அதாவது அவர் இன்னும் இங்கேதான் குடியிருக்கிறார் என்பதற்கு எதிர்மறை 'இல் நாபித் ப்ல்யூ இசி', இப்போது இல்லை என்ற பொருளில். ஜமே போட்டால் அவர் இங்கே குடியிருப்பதே கிடையாது என்று பொருள் மாறிவிடும். அர்த்தம் பார்க்காமலே 20-ம் சரியாகச் சொல்லிவிட முடியும் என்பதால் இது எனக்கு ரொம்ப நாள் தெரியவே இல்லை.

இன்னொன்று, பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் நெவை விழுங்கிவிடுகிறார்கள். 'ஜெ செ பா' என்று காதில் விழுந்தபோது நான் நெவைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது நெ உள்ளதும் இல்லாததுமாக ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தரம் சொல்கிறேன், அதனால் 20 என்பது 10 ஆகிவிட்டது.